இடது பக்கத்துப் பிரேக்

கார் பழகும் விஷயத்தில் ஞானேஸ்வரிக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். பிரேக்கை எப்போது மிதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியதம்பி மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. மாஸ்டர் தும்மும்போதெல்லாம் அது தன்பாட்டில் வேலை செய்தது.

பெரியதம்பி கண்டியில் இருபத்தாறு வருடமாகக் கார் பழக்குகிறவர். வாகனத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மூக்கைப் பற்றித்தான் தெரியாது. காலைக் குளிரும் தூசியும் சேர்ந்தால் அவருக்கு ஒரு தும்மலோடு நிற்காது, ஏழெட்டு வரும். ஒவ்வொரு தும்மலுக்கும் வலது கால் துள்ளிப் பிரேக்கில் விழும். கார் நடுரோட்டில் நிற்கும். பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்ன் அடித்தபடியே சிங்களத்தில் குடும்பத்தை விசாரிப்பான். இந்த லட்சணத்தில் பழகினால் யாருக்குத்தான் பிரேக் பிடிபடும்? லைசன்ஸுக்கான ட்ரயலில் இரண்டு தடவை அவள் பெயில். இரண்டு தடவையும் மாஸ்டரின் இடத்தில் இருந்த பரீட்சகர்தான் பிரேக்கை மிதித்தார். அவர் மிதித்தால் கதை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாவது ட்ரயல் வருகிற வியாழக்கிழமை. அவள் வேலை செய்யும் பார்மசிக்குப் பல்லேகலயில் இன்னொரு கிளை திறக்கப்போகிறார்கள். பொறுப்பாக இருப்பவர் மருந்து ஏற்றி இறக்க வேன் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பதினாலு வருட அனுபவம் ஞானேஸ்வரிக்கு. மூன்று வருட அனுபவம் கூட வேலை செய்யும் நஸீபுக்கு. ஆனால் லைசன்ஸ் நஸீபிடம் இருந்தது. வியாழக்கிழமையும் பெயிலானால் அந்தப் பொறுப்பாளர் கதிரை அவனுக்குத்தான். அவன் நல்ல பையன் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

மூன்று கிழமைக்கு முன் மாஸ்டர் பார்மசிக்கு வந்தார். பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்த மஞ்சள் குளிசையின் வெறும் அட்டையை நீட்டினார். குளோர்பெனிரமின்.

"இதுல ரெண்டு அட்டை குடுங்க மிஸ். ஒன்னு போட்டேன், தும்மல் ஓடியே போச்சு."

"இது நித்திரை வரப் பண்ணும் மாஸ்டர். மூளைக்குள்ள போற மருந்து. நித்திரை வராத புதுக் குளிசையும் இருக்கு, அதைத் தாறன்."

"தூக்கம் வராட்டி மருந்து வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

"தும்மல் நிக்கும், அப்ப தெரியும். இதைப் போட்டிட்டு வாகனம் ஓடக் கூடாது."

மாஸ்டர் சிரித்தார். "நான் எங்க மிஸ் ஓட்டுறேன்? ஓட்டுறது நீங்க. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

மறுமொழி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். ஒரு குழந்தை அழுதது. அட்டைகளைக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த பாடங்கள் சொர்க்கம். தும்மல் இல்லை. நடுரோட்டில் நிற்பதும் இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம், மாஸ்டர் கத்தவில்லை. முன்பெல்லாம் ஒரு கியர் மாற்றுவதற்குள் மூன்று ஏச்சு விழும். இப்போது கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "ம்ம்... நல்லாப் போகுது" என்றார். அவள் பிழையாகத் திரும்பினாலும் நல்லாப் போனது. சிக்னல் போட மறந்தாலும் நல்லாப் போனது. ஞானேஸ்வரிக்குத் தைரியம் வந்தது. பேராதனை வீதியில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுகிற அளவுக்கு வந்தது.

ஏன் மாஸ்டர் இப்படிச் சாந்த சொரூபியாகிவிட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். படித்தவள். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் தெரிந்ததை நெஞ்சுக்குள் அமுக்கி வைத்தாள். வியாழக்கிழமை வரைக்கும் இப்படியே போகட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒழுங்கான மனுஷி செய்கிற வேலையா அது?

ஞாயிறு காலை அம்பிட்டியவிலிருந்து நகரத்துக்கு இறங்கினார்கள். இறக்கம் என்றால் சும்மா இறக்கமில்லை. ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் ஓர் ஆட்டோ. அதன் சாரதி இளநீர் குடிக்க இறங்கியிருந்தான். பின்பக்கத்தில் ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். சின்னது பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஞானேஸ்வரியைப் பார்த்தது.

வழக்கம்போல மாஸ்டரின் கால் வரும் என்று அவள் காத்திருந்தாள். கால் வரவில்லை. பிள்ளையின் மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. "மாஸ்டர்!" என்று கத்தியபடி அவளே இரண்டு காலாலும் மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. ஆட்டோவுக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். பிள்ளை சிரித்துக் கைகாட்டியது.

அப்போதுதான் இடது பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மாஸ்டர் பிரேக் போட்டிருந்தார், நின்றுவிட்ட காருக்கு.

"பாத்தீங்களா மிஸ்," என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "நான் இருக்கிற நேரம் நீங்க பயப்படவே தேவையில்ல."

ஞானேஸ்வரி கைப்பிரேக்கை இழுத்தாள். பயம் ஒரு பங்கு, வெட்கம் மூன்று பங்கு. அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் அது மாஸ்டரின் குற்றமா, தன் குற்றமா?

"மாஸ்டர், நீங்கள் நித்திரை."

"யாரு? நானா? கண்ணை மூடிக்கிட்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"காலமை குளிசை போட்டனீங்களோ?"

"காலையில போடல்ல. நீங்க சொன்னீங்கன்னு ராத்திரிதான் ரெண்டு போட்டேன். அது அப்பவே தூக்கத்தோட போயிருக்கும்."

"ராத்திரி போட்டது விடியவும் உடம்பில நிக்கும். நித்திரை வாற மாதிரித் தெரியாட்டியும் கை கால் பிந்தும். பிந்துறது போட்ட ஆளுக்கே தெரியாது. எனக்கு இது எல்லாம் தெரியும் மாஸ்டர். நீங்கள் ஏசாமல் இருக்கிறியள் எண்டு நான் பேசாமல் இருந்திட்டன். என்னிலதான் பிழை."

இருபத்தாறு வருட அனுபவம் இவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ளுமா? "எனக்கா பிந்தும்?" என்று மாஸ்டர் கொதித்தார். வழக்கமான கொதிப்பில் பாதிதான் வந்தது.

காரை நேரே பார்மசி வாசலில் நிறுத்தி அவரை உள்ளே அழைத்துப்போனாள். நஸீபின் மேசையில் கிடந்த முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டத்தை எடுத்தாள். மாஸ்டரின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அதைத் தொங்கவிட்டாள்.

"நான் விடேக்க பிடியுங்கோ."

விட்டாள். அடிமட்டம் தரையில் விழுந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் விரலை மூடினார். மறுபடியும் விட்டாள். இம்முறை அவருடைய செருப்பில் விழுந்தது. அடுத்து நஸீபின் விரல்களுக்கு நடுவில் விட்டாள். பதினேழாவது சென்ரிமீற்றரில் பிடித்தான்.

"அடிமட்டம் வழுக்குது," என்றார் மாஸ்டர்.

"வழுக்கினால் நஸீபுக்கும் வழுக்க வேணும்."

"அவரு சின்னப் பொடியன்."

"சரி, வயசு எண்டே வைப்பம். இந்தக் குளிசையை விட்டிட்டு உங்களுக்கு எத்தினையில பிடிபடுது எண்டு பாப்பம். அதுவரைக்கும் நான் உங்கட காரில ஏற மாட்டன்."

சொல்லிவிட்டுத்தான் கணக்குப் பார்த்தாள். ட்ரயலுக்கு நாலே நாள். அவர் கோபித்துக்கொண்டு போனால் வேறு காரும் இல்லை, வேறு மாஸ்டரும் இல்லை.

மாஸ்டர் நஸீபின் கையில் இருந்த அடிமட்டத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஞானேஸ்வரி நித்திரை வராத ஃபெக்ஸோஃபெனடின் அட்டையைக் கொடுத்தாள். "ஒரு நாளைக்கு ஒண்டு. தண்ணியோட போடுங்கோ, தோடம்பழச் சாறோட போட்டால் சரியாய் வேலை செய்யாது. பிறகு அந்த டாஷ்போட் பிள்ளையாருக்குக் காருக்குள்ள ஊதுபத்தி கொளுத்துறதையும் விடுங்கோ. அந்தப் புகைக்கும் தும்மல் வரும், கொளுத்துறதெண்டால் வெளியில."

"பிள்ளையாரையும் வெளியில அனுப்பச் சொல்லுவீங்க போல," என்று முனகிக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் அடிமட்டத்தைப் பதினெட்டில் பிடித்தார். பிடித்துவிட்டு நஸீபைப் பார்த்த பார்வையைப் படம் எடுத்து வைத்திருக்கலாம். தும்மலும் நின்றிருந்தது. ஆனால் தூக்கத்தோடு சொர்க்கமும் போய்விட்டது. கண் முழுதாகத் திறந்த மாஸ்டருக்கு எல்லாம் தெரிந்தது. "மிஸ், அது சிக்னலா, கல்யாண வீட்டு லைட்டா? ஏன் பத்திக்கிட்டே இருக்கு?" "மிஸ், கிளச் பாவம், அதுக்கும் தாய் தகப்பன் இருக்கு!" ஏச்சு மழையில் நனைந்துகொண்டே அவள் ஓட்டினாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. இடது பக்கத்துக் கால் வருமென்று அவள் இப்போது காத்திருப்பதில்லை. இரண்டு நாளில் ஒரு தடவைகூட அந்தப் பிரேக்குக்கு வேலை வரவில்லை.

வியாழக்கிழமை காலை கார்க் கதவைத் திறந்ததும் ஞானேஸ்வரிக்குத் திக்கென்றது. உள்ளே ஒரே புகை.

"மாஸ்டர்!"

"நாலே நாலு ஊதுபத்தி மிஸ். உங்களுக்காகத்தான். எனக்குத் தும்மல் வரல்ல பாருங்க!"

அவருக்கு வரவில்லை. பரீட்சகருக்கு வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர். ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். கார் புறப்பட்டு நூறு மீற்றர் போனதும் மூக்கைத் தேய்த்தார். இந்த மனிதர் தும்மினால் கால் துள்ளும். துள்ளினால் பிரேக். பிரேக் என்றால் பெயில். பல்லேகல நஸீபுக்கு.

கடைக்கண்ணால் பார்த்தாள். கண் சுருங்குகிறது. வாய் மெல்லத் திறக்கிறது. மாஸ்டரிடம் மூன்று மாதமாகப் பக்கத்தில் இருந்து படித்த முகம் அது. அவள் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, ஓரம் கட்டி, காரை அழகாக நிறுத்திக் கைப்பிரேக்கையும் இழுத்தாள்.

"என்ன மகள், நான் நிப்பாட்டச் சொல்லல்லையே?"

"சேர், நீங்கள் தும்மப் போறியள்."

தும்மினார். நாலு தும்மல். நாலு தடவையும் அவர் கால் பிரேக்கில் விழுந்தது. நின்ற காருக்கு 'டக், டக், டக், டக்' என்று பிரேக் போட்டார்.

கண்ணைத் துடைத்தபடி சட்டைப்பையில் கைவிட்டு ஒரு மஞ்சள் குளிசையை எடுத்தார். "அலர்ஜி மகள். இதைப் போட்டா சரியாகிரும். தண்ணி ஈக்கா?"

தண்ணீர் இருந்தது. வாயை மூடிக்கொண்டு போத்தலை நீட்டினால் போதும். குளிசை வேலை செய்யும் நேரத்தில் அவள் வீட்டில் இருப்பாள். யாருடைய மனதும் நோகாது. ஆனால் ஆட்டோக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தச் சின்ன மூக்கு ஞாபகத்துக்கு வந்தது.

"சேர், எனக்குப் பிறகு இண்டைக்கு எத்தினை பேர்?"

"இருபது."

"அப்ப இதைப் போடாதேங்கோ. நான் பார்மசியில வேலை. இது நித்திரையாக்கும், கை காலைப் பிந்தவைக்கும். அப்பிடிச் செய்யாத குளிசை வேற இருக்கு."

பரீட்சகர் சிரித்தார். "நான் எங்க மகள் ஓட்டுற? ஓட்டுறது நீங்கதானே!"

மூன்று கிழமையாக வாயில் வராமல் நின்ற மறுமொழி இப்போது வந்தது.

"அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு சேர். நாங்கள் எல்லாரும் அதை நம்பித்தான் ஓடுறம்."

சிரிப்பு நின்றது. அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு குளிசையைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடியை முழுதாக இறக்கினார்.

"எடுங்க மகள், போவம். மத்த குளிசைட பேரை இறங்கும்போது எழுதித் தாங்க."

இறங்கும்போது அவள் எழுதிக் கொடுத்தாள். அவரும் எழுதிக் கொடுத்தார். பாஸ்.

வாசலில் மாஸ்டர் ஓடி வந்தார், முகமெல்லாம் பல்லாக. "பாத்தீங்களா மிஸ்? நாலு ஊதுபத்தி!"