பதினொன்று புள்ளி ஆறு

மனிதன் பொய் சொல்வான், கேமரா சொல்லாது. ஆகவே இந்த மலையில் இனி தர்மத்தைக் காப்பது காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய கேமராதான் என்று மேல்வளைவு குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் சண்முகராஜ் பிரகடனம் செய்து ஒன்றரை மாதம் ஆகிறது. கொஞ்ச நாளில் தர்மம் இரவெல்லாம் கண் விழிக்கத் தொடங்கியது. கார்தான் காலையில் எழுந்திருக்க மறுத்தது.

அன்றைக்கும் அப்படித்தான். பத்து மணிக்குப் பழனியில் அவருக்குப் பாராட்டு விழா. 'மலையின் மனசாட்சி' என்ற பட்டம், அவரே வாசகம் எழுதிக்கொடுத்த கேடயம், அவரே நிறம் சொன்ன பொன்னாடை. முடிச்சுப் போடாமல் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டிக்கோ வேட்டியும் கஞ்சி போட்ட சட்டையுமாக ஏழு மணிக்கு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் பொன்னுவேல் சாவியைத் திருப்பினான். டக், டக், டக் என்றது. பிறகு அதுவும் இல்லை.

மூன்று வாரமாக இதே கதை. ஆனால் கொடைக்கானலில் இதை யாரும் நோயாக நினைப்பதில்லை. வண்டியைப் பள்ளம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்கள். காலையில் கல்லைத் தட்டிவிட்டு, இரண்டாவது கியரில் உருட்டி, கிளட்சை விட்டால் எஞ்சின் உறுமிவிடும். பொன்னுவேல் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். "சார், பேட்டரி ராத்திரியோட ராத்திரியா செத்துப்போகுது, காட்டிருவோம்." சண்முகராஜ் சொன்ன பதில், "பள்ளம் எதுக்கு இருக்கு?"

அன்று பள்ளத்தில் தண்ணீர் லாரி நின்றது. வீடு வீடாகத் தொட்டி நிரப்பிவிட்டுத்தான் நகரும்.

சண்முகராஜ் இறங்கினார். தெருவில் லாரிக்காரனும் குழாயோடு நான்கைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

"ஏலே, சாயங்காலம் வண்டியில உக்காந்து பாட்டுக் கேக்குறியா? ஊரான் வீட்டு பேட்டரின்னா அவ்வளவு எளக்காரமா?"

"நான் ஆறு மணிக்கே சாவியக் கொடுத்துட்டுத் தாண்டிக்குடி பஸ் ஏறிர்றேன் சார். சாவி உங்க வீட்டுல கெடக்கு. நான் எங்குட்டுப் பாட்டுக் கேக்க?"

"எதுத்துப் பேசுறியா? இன்னியோட உன் சோலி முடிஞ்சது."

வாயால் சொன்னதோடு விட்டிருக்கலாம். மனசாட்சிக்கு அது போதாது. சங்கத்தின் வாட்ஸப் குழுவில், நூற்றுப்பத்துப் பேருக்கு நடுவே, சத்தமாகப் படித்துக்கொண்டே பதிவு போட்டார்: 'ஓட்டுநர் பொன்னுவேல் இரவில் வாகனத்தை முறைகேடாகப் பயன்படுத்தி பேட்டரியைப் பாழ்படுத்தியதால் நீக்கப்படுகிறார். உறுப்பினர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.' அந்த நூற்றுப்பத்துப் பேர்தான் மேல்வளைவில் கார் வைத்திருப்பவர்கள். இனி அவனை ஒருவரும் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டார்கள்.

பொன்னுவேல் பதினோரு வருடம் இந்த வளைவுகளில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன். மூஞ்சிக்கல் கடைவீதிக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், கேமராவை மாட்டிய சுஜிதாவைக் கையோடு கூட்டிவந்தான். ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவளும் வழியில் நடந்ததைக் கேட்டுக் கொதித்துப்போய்த்தான் வந்தாள்.

பானட்டைத் திறந்து மீட்டரை வைத்தாள். "பதினொன்னு புள்ளி ஏழு வோல்ட். நல்லா சார்ஜ் ஏறுன பேட்டரி பன்னெண்டரைக்கு மேல நிக்கணும். இதை வச்சு, அதுவும் இந்தக் குளிருல, எந்த வண்டி ஸ்டார்ட் ஆகும்?"

"பாட்டுக் கேட்டா அப்படித்தான் எறங்கும்," என்றார் சண்முகராஜ்.

அவள் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றினாள். கேமராவின் மூன்று வயர்களில் கறுப்பு பாடியில் இருந்தது. சிவப்பு, எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸில். மஞ்சளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"சார், சாவிய எடுங்க. கையில வச்சுக்கோங்க." டெஸ்ட் லாம்பை மஞ்சள் வயரில் தொட்டாள். விளக்கு எரிந்தது. "பாருங்க. சாவி போட்டாத்தான் கரண்ட் வர்ற ஃபியூஸ்ல இந்த மஞ்சள நான் சொருகினேன். அது செத்தாத்தான் வண்டி நின்னுருச்சுன்னு கேமராவுக்குத் தெரியும். பார்க்கிங் மோடுக்குப் போயி கொஞ்சமா கரண்ட் எடுக்கும். இப்ப மஞ்சளும் எப்பவும் உயிரா இருக்கு. வண்டி விடிய விடிய ஓடுதுன்னு நெனச்சு முன்னாடி, பின்னாடி, உள்ளன்னு மூணு கேமராவும் முழுசா ஓடியிருக்கு."

"நீதானம்மா மாட்டுன? தப்பா மாட்டிட்டு இவனுக்கு வக்காலத்து வாங்குறியா?"

"இருங்க, இன்னொன்னு இருக்கு." டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்றை இழுத்தாள். அதில் ஒரு சின்ன சுவிட்ச். "பேட்டரி எவ்வளவு எறங்கினா கேமராவ நிறுத்தணும்ங்கிறது இதுல. நான் பன்னெண்டு புள்ளி நாலுல வச்சேன். யாரோ பதினொன்னு புள்ளி ஆறுக்குத் தள்ளியிருக்காங்க. அதுவரைக்கும் உறிஞ்சினா மிச்சம் என்ன இருக்கும்?"

"யாரோன்னா? அதான் இந்தப் பய!"

பொன்னுவேலுக்குப் பொறுமை அறுந்தது. "சார், நீங்கதானே சொன்னீங்க, கேமரா பொய் சொல்லாதுன்னு? அந்த கார்டப் போட்டுப் பாப்போம். நான்னா எல்லாரும் சேந்து செருப்பால அடிங்க."

"மூணு வாரத்துக்கு முந்தினதெல்லாம் அழிஞ்சிருக்கும்," என்றார் சண்முகராஜ் அவசரமாக. வயரை மாற்றி மூன்று வாரம் ஆயிற்று என்று அங்கே இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சாதாரண ஃபைல் அழிஞ்சிரும்," என்றாள் சுஜிதா. "வண்டி குலுங்குனப்ப எடுத்தத லாக் பண்ணி தனியா வச்சிருக்கும்."

கார்டைக் கழற்றி, ரீடரில் போட்டுத் தன் போனில் செருகினாள். லாரிக்காரன் குழாயை அப்படியே விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். தொட்டி நிரம்பி வழிந்தது.

உள்கேமராவின் படம். தலைகீழாகக் குனிந்த ஒரு பெரிய முதுகு. சீட்டின் மேல் ஒரு போன் எப்படி வயரை மாற்றுவது என்று பாடம் நடத்துகிறது. முதுகு முனகுகிறது: "ராத்திரி பத்து மணிக்கே கேமரா ஆஃப் ஆகுதாம்ல. இந்த எதுத்த வீட்டு இருதயசாமி ரெண்டு மணிக்கு வந்து சைடு மிரர உடைச்சா எவன் பாக்குறது?" பிறகு முகம் நிமிர்கிறது, சண்முகராஜின் முகம். பெட்டியைக் கண்ணருகே பிடித்துப் படிக்கிறது. "பன்னெண்டு நாலு, பன்னெண்டு, பதினொன்னு ஆறு... இருக்குறதுலயே சின்ன நம்பரா வைப்போம். கரண்டு மிச்சம்." கதவு படீரென்று அறைகிறது. படம் குலுங்குகிறது. ஃபைல் லாக் ஆனது அதனால்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி, சரி, தொழில்நுட்பக் கோளாறு," என்றார். "ஏறு, வண்டியத் தள்ளச் சொல்லு. நேரமாச்சு."

"ஏற மாட்டேன்."

"என்னலே?"

"குரூப்புல என் பேரப் போட்டீங்கல்ல? இப்ப உங்க பேரப் போடுங்க. தொழில்நுட்பம் கிழில்நுட்பம்னு எழுதினீங்க, நான் பாட்டுக்கு வெரசா பஸ் ஏறிருவேன். நீங்க கேடயத்த நாளைக்கு வாங்கிக்கலாம்."

சண்முகராஜ் சுற்றிலும் பார்த்தார். டிரைவர் வேலை தெரிந்தவன் அந்தத் தெருவில் லாரிக்காரன் ஒருவன்தான். அவன் வானத்தைப் பார்த்தான். போனை எடுத்தார். 'வயரையும் செட்டிங்கையும் மாற்றியது நான். பொன்னுவேல் மீது தவறில்லை. சண்முகராஜ்.' பொன்னுவேல் இரண்டு முறை படித்துவிட்டு, எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லி, திருத்திய பிறகே ஏறினான்.

சுஜிதா மஞ்சளைப் பழைய இடத்தில் செருகி, சுவிட்சைப் பன்னிரண்டு புள்ளி நான்குக்கு ஏற்றினாள். கார்டையும் திரும்பப் போட்டாள். "பேட்டரிய இத்தன நாள் வாட்டி எடுத்துட்டீங்க. அது தேறாது, மாத்திருங்க. இன்னிக்கு உருட்டித்தான் ஆகணும்."

லாரி நகர்ந்தது. வாசலுக்கு முன்னால் கொஞ்சம் சமதளம், அதைத் தாண்டத் தள்ள வேண்டும். லாரிக்காரன் லாரியில் இருந்தான். குழாய்க்காரர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மலையின் மனசாட்சி பின்னால் நின்று இரண்டு கையையும் ஊன்றித் தள்ளியது. வண்டி பள்ளத்தில் இறங்கியது, பொன்னுவேல் கிளட்சை விட்டான், எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது.

அந்தக் குலுக்கலில் கேமரா இன்னொரு ஃபைலை லாக் செய்துகொண்டது. பின்கேமராவில் ஒரு நிமிடப் படம். அதில் பதினெட்டாவது நொடியில் ஒட்டிக்கோ வேட்டி கழன்று விழுகிறது.