நட்சத்திர இரவில் சொட்டிய கூரை

மலேசியாவின் புக்கிட் தெங்காவில் அட்டைப்பெட்டி ஆலையின் ஸ்டோருக்குப் புதுத் தகரக் கூரை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, காலையில் பார்த்தால் அட்டையெல்லாம் ஈரம். கூரைக் காண்டிராக்டர் சுப்பையாவுக்கு எலும்பில்லாத நாக்கு. திருகு முடுக்கிய ஷேக் அலாவுதீனை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டி வேலையைவிட்டு நிறுத்தினார். அது போதாதென்று பக்கத்து ஊரான பிறையின் காப்பிக்கடையில் உட்கார்ந்து, "அவன் போட்ட கூரை ஒழுகும்" என்று மற்ற காண்டிராக்டர்களிடமும் சொல்லிவைத்தார்.

பிறகு ஒவ்வொரு திருகுக்கும் சிலிக்கோன் பூசினார். ஈரம் நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சந்திரிகாதான் சொன்னாள்: "அண்ணே, மழ பேஞ்ச ராத்திரி ஒண்ணுமில்ல லா. வானம் சுத்தமா இருக்கிற ராத்திரிதான் சொட்டுது."

மறுநாள் விடியுமுன் சுப்பையா ஸ்டோருக்குள் ஏணி வைத்து ஏறினார். தகரம் சில்லென்றிருந்தது. திருகைச் சுற்றி ஒழுகிய தடமே இல்லை. தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க ஐஸ் காப்பிக் கிளாஸ்போல் வேர்த்திருந்தது. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அட்டை ஒட்டப் பசை காய்ச்சும் ஆலையில் ஈரக்காற்றுக்கா பஞ்சம்? அது தகரத்தில் பட்டதும் நீராகிச் சொட்டுகிறது. மேகம் மூடினால் தகரம் அவ்வளவு குளிராது.

கூரை போடும்போதே அலாவுதீன் கேட்டிருந்தான், தகரத்துக்கு அடியில் ஈரக்காற்றைத் தடுக்கும் விரிப்புப் போடலாமா என்று. "இது என்ன குளிர் நாடா? சீக்கிரம் முடி" என்று வாயை அடைத்தவர் சுப்பையாவேதான். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேரே அலாவுதீன் வீட்டுக்குப் போனார். மனைவி ஆசியா பீவி கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சுப்பையா தகரம் வேர்த்ததைச் சொல்ல, அலாவுதீன் வாசலில் நின்றே கேட்டுக்கொண்டான்.

"தகரத்தக் கழட்டித்தான் ஆவணும்ணே. விரிப்ப கீழ்க்கோடியிலேர்ந்து மேல ஏத்திக்கிட்டே போங்க. மேல் விரிப்போட ஓரம் கீழ் விரிப்பு மேல ஏறணும், சேர்ற எடத்துல டேப் ஒட்டணும். ஈரக்காத்து தகரத்துக்கிட்ட போவாது. அப்படியும் தகரத்துல வேர்த்தா, தண்ணி விரிப்பு மேலயே சரிஞ்சு கூரை ஓரத்துத் தண்ணிப் பீலிக்குப் போயிடும்."

"நீயே வந்து போடு தம்பி."

"எட்டு எடத்துல வேல கேட்டேன். ஒழுகுற கூரைக்காரன்னு தொரத்திட்டாங்க. மொதல்ல அத சரி பண்ணுங்க."

அன்று மத்தியானமே காப்பிக்கடையில் சுப்பையா எழுந்து நின்றார்.

"அந்தக் கூரை ஒழுகல. விரிப்பு வேணாம்னு சொன்னவன் நான். அலாவுதீன் வேலையில ஒரு குத்தமும் இல்ல."

மூலை மேசையிலிருந்து காண்டிராக்டர் ராமதாஸ் கேட்டார்: "அப்ப அவன நான் எடுத்துக்கலாமா? பிறையில பெரிய கூரை வேல இருக்கு, நாளைக்கே ஆள் வேணும்."

அவனைப்போல் இன்னொருவன் கிடைக்கமாட்டான் என்று சுப்பையாவுக்குத் தெரியும்.

"எடுத்துக்குங்க. ஆனா அவன் சொல்றத காது கொடுத்துக் கேளுங்க."