ரத்தான கல்யாணத்தின் காலண்டர்

கல்யாணம் நின்றுபோனால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்? சொந்தக்காரர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. நாம் வாயைத் திறப்பதற்குள் போன் போட்டு, "அப்படியாமே" என்று அவர்களே ஆரம்பித்துவிடுகிறார்கள். நாமாகச் சொல்ல வேண்டியது மண்டபக்காரர், சமையல்காரர், போட்டோகிராபர் இந்த மூன்று பேருக்குத்தான். மண்டபத்தையும் சமையலையும் மாமா பார்த்துக்கொண்டார். போட்டோகிராபரை புக் செய்தது நான். என் சம்பளப் பணம், என் கையெழுத்து.

என் பெயர் எழிலரசி. பென்னலூரில் வீடு. ஒரு செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறேன். அப்பா இல்லை. அம்மா கோவிந்தம்மா வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். மாப்பிள்ளையாக இருந்த பிரசன்னாவுக்கு வல்லம் வடகாலில் வேலை. தை மாதக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாகி, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில், கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள் அவர்கள் வீட்டில். அதை ஏன் நிச்சயதார்த்தத்தன்று சொல்லவில்லை என்று கேட்டேன். பெண் ரொம்பப் பேசுகிறாள் என்றார்கள். நான் வேலையை விட மாட்டேன் என்றேன். அப்படியென்றால் வேண்டாம் என்றார்கள். இத்தனையும் நடந்தபோது பிரசன்னா சோபாவில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் இறங்கி வந்திருப்பேன். ஒரே ஒரு வார்த்தை. அதற்குக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

சரி, போட்டோகிராபர். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சாம்சன். ரிசப்ஷன், முகூர்த்தம், ஆல்பம், வீடியோ எல்லாம் சேர்த்து எண்பத்தைந்தாயிரம் பேசி, முப்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். ஐப்பசியிலேயே அவுட்டோர் ஷூட்டும் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, லைனில் என் பக்கத்தில் நிற்கும் ஐஸ்வர்யாவுடன் கேன்டீனில் உட்கார்ந்து மெசேஜ் எழுதினேன். நான் எழுதினால் கோபம்தான் வரும் என்று போனைப் பிடுங்கி அவளே அடித்தாள். 'வணக்கம் சார். தவிர்க்க முடியாத குடும்பக் காரணத்தால் திருமணம் நடைபெறவில்லை. புக்கிங்கை ரத்து செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் விதிமுறைப்படி பிடித்தம் போக மீதியை அனுப்பினால் உதவியாக இருக்கும். சிரமத்துக்கு வருந்துகிறேன்.' நான் எதற்கு வருந்த வேண்டும் என்று கேட்டேன். எழுதுகிற வழக்கம் அதுதான் என்றாள்.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. சாம்சனின் மனைவி ஷெர்லின் அக்காதான் அங்கே புக்கிங், கணக்கு எல்லாம் பார்ப்பவர். ரத்துக்கு என்றே அவரிடம் ஒரு மெசேஜ் எழுதித் தயாராக இருக்குமாம். பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அனுப்புவார். அது அப்போது எனக்குத் தெரியாது. எனக்காகவே உட்கார்ந்து எழுதினது போலத்தான் இருந்தது.

'அன்புள்ள எழிலரசி அவர்களுக்கு, தகவல் அறிந்து வருந்துகிறோம். ஒரு மாதத்துக்கு முன்பே தெரிவித்ததால் அட்வான்ஸ் முழுவதையும் பிடிக்கவில்லை. அவுட்டோர் ஷூட் செலவு ஒன்பதாயிரம், உங்கள் தேதிக்காக கேண்டிட் போட்டோகிராபருக்கு நாங்கள் கொடுத்துவிட்ட ஐந்தாயிரம், ஆக பதினான்காயிரம் போக மீதி பதினாறாயிரம் அனுப்பியுள்ளோம். உங்கள் படங்கள் இனி எந்த விளம்பரத்திலும் இடம்பெறாது. கர்த்தர் உங்களுக்கு நல்லதைச் செய்வார்.'

பணமும் சொன்னபடியே வந்துவிட்டது. மண்டபக்காரர் ஒரு பைசா திருப்பித் தரவில்லை. சமையல்காரர் போனையே எடுக்கவில்லை. அந்த நேரத்தில் மரியாதையாகப் பேசிய ஒரே இடம் அந்த ஸ்டுடியோதான். அம்மா அப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஊர் என்ன பேசும் என்பது ஒரு பயம். மகள் அவனோடு ஒட்டி நின்று எடுத்த படங்கள் எங்கே போய்ச் சேருமோ என்பது அதைவிடப் பெரிய பயம். அவளுக்கு அந்த மெசேஜை இரண்டு தரம் படித்துக் காட்டினேன். எந்த விளம்பரத்திலும் வராது என்ற வரி வந்ததும், அதை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் டில்லிபாபு அண்ணனின் டீக்கடை. ஐஸ்வர்யா என்னை ரோட்டுப் பக்கமாகத் திருப்பி நிற்க வைத்துக்கொண்டு என்னென்னவோ பேசினாள். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன்.

பாய்லருக்கு மேலே தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. கீழே ஸ்டுடியோ பெயரும் போன் நம்பரும். மேலே செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நானும் பிரசன்னாவும். அவன் ஏதோ சொல்கிறான், நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். மாதத் தாள் காலண்டர் என்றால் தை முடிந்ததும் கிழித்துவிடுவார்கள். இது அப்படியில்லை. தேதியைத்தான் கிழிப்பார்கள், மேலே இருக்கும் படம் வருடம் முழுக்க அப்படியேதான் இருக்கும். நடக்காத கல்யாணத்தின் தேதியும் எங்கள் காலுக்குக் கீழே அந்தக் கட்டுக்குள் இருந்தது. ஷிப்டுக்குப் போகிற ஜனம் மொத்தமும் அங்கேதான் டீ குடிக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டில்லிபாபு அண்ணனிடம் கேட்டுக் காலண்டரைக் கழற்றினேன். அவர் பாவம், கல்யாணப் பெண்ணே ஞாபகத்துக்குக் கேட்கிறாள் என்று நினைத்துத் துடைத்துக் கொடுத்தார். ஷிப்டுக்குப் போகாமல் நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். ஐஸ்வர்யாவும் கூடவே வந்தாள், நான் எதையாவது உடைத்துவிடுவேன் என்ற பயத்தில்.

காலண்டரை மேஜைமேல் போட்டு, போனில் அந்த மெசேஜையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஷெர்லின் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சாம்சன்தான் பேசினார். காலண்டருக்குக் கார்த்திகையிலேயே சிவகாசிக்குப் படம் கொடுத்துவிட வேண்டும், அந்த வருடம் எடுத்ததில் நல்ல படம் அதுதான், அதனால் கொடுத்தோம் என்றார். கொட்டேஷனின் பின்பக்கத்தில், படங்களை ஸ்டுடியோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்ததையும் சொன்னார். இருந்ததுதான். படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரத்து மெசேஜ் போன அன்று காலண்டர் பாதிக்கு மேல் கடைகளுக்குப் போய்விட்டிருந்ததாம். வழக்கமான மெசேஜை வழக்கம்போல அனுப்பிவிட்டோம், காலண்டர் என்று ஒன்று இருப்பதே ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது என்றார் ஷெர்லின் அக்கா. மறுநாளிலிருந்து கடைகடையாகப் போய் வாங்கி வருகிறார்களாம். மூலையில் அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினார். எல்லாவற்றிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பவே ஒரு போன் பண்ணி எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லக்கா?" என்று கேட்டேன்.

"நீ பாக்கறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடலாம்னு பாத்தோம்மா. உங்கிட்ட இத எப்படி சொல்றதுன்னு தெரியல" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. எல்லோரும் எனக்காக எதையோ செய்கிறார்கள். என்னிடம் கேட்டுச் செய்யத்தான் ஒருவரும் இல்லை.

பிடித்த பதினான்காயிரத்தையும் இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்று சாம்சன் போனை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷூட் எடுத்தீர்கள், அதற்கான பணம் அது, பேசினது பேசினபடிதான். இப்போது வாங்கிக்கொண்டால், காலண்டருக்குப் போஸ் கொடுத்துக் கூலி வாங்கினது போல ஆகிவிடும். எனக்குப் பணம் வேண்டாம், பென்னலூர்ப் பக்கம் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது, எங்கள் அம்மா கண்ணில் அது படக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். ஐஸ்வர்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாம்சன் ஷெர்லின் அக்காவைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பென்னலூர்லதாம்மா எங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கல. மளிகைக்கடை, சலூன், ரைஸ்மில், எங்க கேட்டாலும், ஒரு அம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்கன்றாங்க."

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏன் ஷிப்டுக்குப் போகவில்லை என்று கேட்டாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அரிசிச் சாக்கு ஒன்று சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தது. இழுத்துப் பிரித்தேன். உள்ளே காலண்டர்கள். தேதிக்கட்டோடு, முகத்தோடு முகம் பார்த்தபடி பத்திரமாக அடுக்கியிருந்தாள்.

அம்மா என்னைத் தடுக்கவில்லை. பொங்கலுக்கு வெல்லம் வாங்கப் போன இடத்தில் முதலில் பார்த்தாளாம். அன்றிலிருந்து வேலை விட்டு வரும் வழியில் ஒவ்வொரு கடையாக ஏறி, வீட்டில் காலண்டர் இல்லை என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு, பொண்ணுக்குக் கல்யாணமா, எப்போது என்று கேட்டார்களாம். தை மாசம் என்று சொல்லிச் சொல்லி வாங்கி வந்திருக்கிறாள். அவள் அந்தப் படிகளில் ஏறி நின்று அதைச் சொன்னதை நினைத்தபோது, மண்டபக்காரர் மேல், பிரசன்னா மேல், ஸ்டுடியோ மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லாமல் போய், அழுகை மட்டும்தான் வந்தது. நான் ஒரு தரம் வேலையை விடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு இந்த அலைச்சல் இல்லை. அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லம்மா. கிழிச்சிப் போட்டிருக்கலாமில்ல" என்றேன்.

அம்மா ஒரு காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிரசன்னா இருந்த பக்கத்தைக் கையால் மறைத்தாள்.

"கிழிக்கலாம்னுதான் எட்த்துகினு வந்தேன் எழிலு. நீ இப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. இன்னா சொன்னான் அவன், உனுக்கு இவ்ளோ சிரிப்பு வர்றதுக்கு?"

அவன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மாவிடம் மறந்துபோச்சு என்று சொன்னேன்.