ஏறாத வாடகை

"ஆறாயிரம்தானேப்பா வாடகை? எவன் சொன்னான் ஆறாயிரத்து ஐந்நூறுன்னு?"

வீட்டுக்காரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். பேக்கரி மாஸ்டர் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தார். இந்த மாத வாடகைக்குப் பதினைந்து நாள் தவணை கேட்கத்தான் படியேறி வந்திருந்தார். அடுப்பறையில் தீப்பிடித்து பேக்கரி மூடி ஒரு வாரம் ஆகிறது. ஒயரிங் முழுவதும் மாற்ற வேண்டும், இரண்டு மாதமாவது ஆகும், அதுவரை சம்பளம் இல்லை என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

"நீங்க வந்த நாள்லேர்ந்து ஆறாயிரம்தான். உன் பெண்டாட்டி ஒரு நாள் பிந்தினதில்ல. தவணையெல்லாம் அவகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லு."

வாடகை ஏறிவிட்டது என்று மூன்று வருடமாக மனைவி மாதம் ஐந்நூறு கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்டபடியே படி இறங்கினார். எங்கே போயிற்று? அவள் தன் தம்பிக்குக் கொடுக்கிறாளா என்று மைத்துனன் ஞாபகம் வந்தது. தனக்குத் தெரியாமல் கடன் ஏதாவது வாங்கி வட்டி கட்டுகிறாளா? நினைக்கவே பிடிக்காத வேறொன்றும் மனதில் வந்து போனது.

வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரியைக் கவிழ்த்தார். அரிசி டப்பாவில் கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை.

பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை முடிந்து மனைவி மாலையில் வந்தாள். தரையெல்லாம் புடவை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வீட்டுக்காரம்மாவப் பாத்தேன்" என்றார் மாஸ்டர்.

அவள் முகம் வெளுத்தது. பையிலிருந்து பாஸ்புத்தகத்தை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரி லாக்கரில் இருந்ததாம். பேக்கரி மூடியதால் இன்றுதான் எடுத்து வந்திருந்தாள்.

இருபத்தோராயிரத்து இருநூறு. அவர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். மாதக் கடைசியில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடும் வீடு இது.

"ஏது இவ்வளவு?"

"நம்மளுதுதாங்க. மொதல்ல ஆயிரம் சேத்துடணும்னு பாத்தேன். கடைச் சாமான்ல மாசம் இருநூறு இழுத்துப் பிடிச்சேன். ஆறு மாசத்துல ஆயிரத்து இருநூறு ஆச்சு. வீட்டுல வெச்சா செலவாயிடுதுன்னு பேங்க்ல போட்டேன். ஏடிஎம் கார்டு வாங்கல, நேர்ல போனாத்தான் எடுக்க முடியும். அப்புறம் உங்களுக்குச் சம்பளம் ஐந்நூறு ஏறிச்சில்ல? அந்த மாசமே வாடகையும் ஏறிடுச்சுன்னு சொல்லிட்டேன். கையில பழகுறதுக்கு முன்னாடியே ஒதுக்கிட்டேன்."

"ஃப்ரிட்ஜ் தவணை?"

"முடிஞ்சு பத்து மாசம் ஆச்சு. அதே அறுநூறை இதுல கட்டுறேன்."

மாஸ்டர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா கை ஒடிஞ்சப்ப உங்க டாக்டர் நாலாயிரம் குடுத்தாருன்னியே?"

அவள் பாஸ்புத்தகத்தைக் காட்டினாள். "இதுலேர்ந்து எடுத்ததுதான். திரும்ப நிரப்ப எட்டு மாசம் ஆச்சு."

"அடிப்பாவி! அந்த மனுஷன எங்க பாத்தாலும் கையெடுத்துக் கும்பிட்டேனே! அவரும் முழிச்சுக்கிட்டே போவாரு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"எங்கண்ணன் வண்டிக்கு முன்பணம் கேட்டப்ப, பத்து பைசா இல்லன்னு சத்தியம் பண்ணின."

"வண்டி வாங்குறது அவசரமாங்க? உடம்பு முடியல, வேலை போச்சு, வாடகை கட்ட முடியல, இதுக்குத்தான் இந்தப் பணம். இருக்குன்னு தெரிஞ்சா உங்களால இல்லன்னு சொல்ல முடியாது. உங்க கூட்டாளிங்க உங்கள வள்ளல்னு கூப்பிடறது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"அப்ப என்னை நம்பல."

அவள் கீழே கிடந்த புடவைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அலமாரியைக் கவிழ்த்தபோது தான் என்னவெல்லாம் நினைத்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு புடவையின் மறுமுனையைப் பிடித்தார்.

மறுநாளே வாடகை கொடுத்தாயிற்று. அடுத்த மாதமும் அந்தக் கணக்கிலிருந்துதான். சாப்பாடு அவள் சம்பளத்தில் நடந்தது. மாஸ்டர் கிடங்கில் மூட்டை இறக்கி, பஸ்ஸுக்கும் பாப்பா பள்ளிச் செலவுக்கும் சம்பாதித்தார். யாரிடமும் கடன் வாங்கவில்லை. அண்ணனிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

ஒன்பதாவது வாரம் பேக்கரி திறந்தது. முதல் சம்பளம் வந்ததும் இருவரும் சேர்ந்து பேங்குக்குப் போய் ஆயிரத்து நூறு கட்டினார்கள். பத்தாயிரத்து முந்நூறு என்று பதிந்து தந்தார்கள். பழைய இடத்துக்கு வர இன்னும் பத்து மாதம் ஆகும்.

"என் பேரையும் இதுல சேக்கலாமா?" என்று கேட்டார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அவள் பாஸ்புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். "உங்கண்ணன் நாளைக்கு வந்து கேட்டா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லிவிடுவேன் என்றுதான் சொல்ல நினைத்தார். வார்த்தை வரவில்லை. அதுதான் அவரை எல்லாவற்றையும்விட அதிர வைத்தது.

"இந்தப் பத்து மாசம் போகட்டும்" என்றார் கடைசியில். "அதுக்கப்புறம் கேக்குறேன்."