குரலைக் கொஞ்சம் தள்ளி

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு என் மனைவியின் குரல் ஒரு மின்னஞ்சலில் வந்தது. எனக்கு வரவில்லை. அவள் அண்ணனுக்கு வந்தது. அவர் இசையமைப்பாளர், நான் அவருடைய மிக்ஸிங் ஆள், குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலந்து கொடுப்பவன். மெத்தைக் கடையின் மாடியில் இருக்கும் இரண்டு அறை ஸ்டுடியோ அவருடையது. அந்த ஆடியோ ஃபைலை என் கணினியில் போட்டுவிட்டு, நாளை மதியம் டைரக்டர் கேட்க வருகிறார், அதற்குள் குரலைப் பாட்டில் உட்கார வைத்துவிடு என்றார். தங்கையைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டை விட்டுப் போன பிறகும் எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருப்பவர். அதற்கு மேல் ஒரு மச்சானிடம் எதிர்பார்க்க முடியாது.

அவள் வேறு ஊரில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். துணி அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்குள் மைக்கை வைத்து, முதுகுக்குப் பின்னால் கனத்த ரஜாய்ப் போர்வையைக் கட்டிப் பாடியிருக்கிறாள். அப்படிப் பாடினால் சுவரில் பட்டு எதுவும் திரும்பி வராது. வாயிலிருந்து கிளம்பும் சத்தம் மட்டும் மைக்கில் விழும். இதைத்தான் டிரை என்போம். காய்ந்த குரல். அறை இல்லாத குரல்.

தனியாகக் கேட்டேன். மற்ற வாத்தியங்களை எல்லாம் அமுக்கிவிட்டு, அவளை மட்டும்.

அவள் ஒரு சாண் தூரத்தில் இருந்தாள். உதடு பிரியும் சத்தம் கேட்டது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் எச்சில் விழுங்குவது கேட்டது. கல்யாணமாகி ஆறு வருடம் ஒரே கட்டிலில் படுத்திருந்தோம். அப்போதுகூட இவ்வளவு பக்கத்தில் அவளைக் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதுதான் சரி. அவள் பேசுவாள், நான் ஹெட்ஃபோனில் இருப்பேன். போவதற்கு முந்தின வாரம் ஒன்று சொன்னாள். "உங்ககிட்ட பேசுறதுக்குச் செவுத்துகிட்ட பேசலாம். செவுருன்னா எதிரொலியாவது வரும்." அன்றைக்கு அது எனக்கு நகைச்சுவையாகப் பட்டது. சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இப்படிப்பட்ட குரலுக்குக் கொஞ்சம் ரிவெர்ப் கொடுக்க வேண்டும். ஒரு அறையில் நின்று பாடினால் சுவர்களில் பட்டு வரும் மெல்லிய மிச்சம் அது. கிடாரும் டிரம்ஸும் வயலின்களும் ஒரு நல்ல கூடத்தில் பதிவானவை. அவற்றோடு அந்தக் கூடமும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. குரலில் எந்த இடமும் இல்லை. அந்த மிச்சத்தை நான்தான் செய்து கொடுக்க வேண்டும், லேசாக.

கொடுத்துப் பார்த்தேன். கொடுத்த நொடியில் அவள் இரண்டடி பின்னால் போனாள். குறைத்தேன். ஓரடி பின்னால் இருந்தாள். இன்னும் குறைத்தேன். சாயங்காலத்துக்குள் ரிவெர்ப் இருந்தும் இல்லாதது போல ஆகிவிட்டது. குரலைத் தனியாகக் கேட்டுக்கொண்டு ரிவெர்ப் வைத்தால் துளி கூட அண்டாவாகத் தெரியும். வாத்தியங்கள் வந்ததும் அந்தத் துளி காணாமல் போகும். முதல் மாதம் வேலைக்கு வருகிறவனுக்கு நாங்கள் சொல்கிற முதல் விஷயம் இது. பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறவன் அந்தத் தப்பை ஒரு நாள் முழுக்கச் செய்தேன்.

மறுநாள் மதியம் டைரக்டர் வந்தார். டீ டம்ளரோடு பின்னால் சோபாவில் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. பாதியில் கையைத் தூக்கினார்.

"பேண்ட் ஒரு ஹால்ல வாசிக்குது. இந்தப் பொண்ணு என் காதுக்குள்ள வந்து பாடுது. ரெண்டும் ஒரே பாட்டான்னே சந்தேகமா இருக்கு."

மச்சான் என் நாற்காலியின் முதுகைத் தட்டினார். "குரலைக் கொஞ்சம் தள்ளி வை, மாப்ள."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எங்கள் இரு வீட்டிலும், தெருவிலும், கீழே மெத்தைக் கடையிலும் என்னைப் பற்றிப் பேசும்போது புழங்குகிற வார்த்தை அது. பொண்டாட்டியைத் தள்ளி வைத்தவன். நான் தள்ளவில்லை, அவள்தான் போனாள் என்று யாரிடமும் விளக்கப் போனதில்லை. விளக்கினால் ஏன் போனாள் என்று கேட்பார்கள். மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். டைரக்டர் எதுவும் தெரியாமல் டீயைக் குடித்தார்.

நான் தள்ளினேன். பெரிய மண்டபம் ஒன்றின் ரிவெர்ப்பை எடுத்து, சத்தம் அடங்க நான்கு நொடி ஆகும்படி வால் வைத்து, தாராளமாக ஊற்றினேன். ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறியது. மெல்லின எழுத்துகள் எல்லாம் கூழாகின.

"இப்ப கெணத்துல விழுந்துடுச்சு" என்றார் டைரக்டர்.

தெரியாமல் செய்தேனா என்று கேட்டால், பதினோரு வருடம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வீட்டில் எடுத்த குரலோடு மல்லுக்கட்டும்போது டைரக்டர்கள் கடைசியில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதையேதான் அவரும் சொன்னார். வீட்டில் எடுப்பதெல்லாம் இந்த லட்சணம்தான், வியாழக்கிழமை அந்தப் பெண்ணை நேரில் வரச் சொல்லுங்கள், இங்கேயே பாடட்டும். வேறு வேலையாக வெளியே போகிறேன், ஐந்து மணிக்குத் திரும்ப வந்து அதை உறுதி செய்துகொள்ளலாம் என்றார்.

வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடும் அறை. அவள் அங்கே நிற்பாள், நான் இங்கே இருப்பேன். இன்னொரு தடவை பாடலாமா என்று கேட்பாள், நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் சொல்லாமல் இருக்க முடியாத வேலை அது. சட்டை எதைப் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். வெட்கக்கேடு, ஆனால் யோசித்தேன்.

டைரக்டர் போனதும் மச்சான் என்னைப் பார்த்தார். "அவ வந்தா நீ என்ன பண்ணுவ?"

"மைக் வைப்பேன்."

"கிழிச்ச" என்று சொல்லிவிட்டுத் தங்கைக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். நான் கேட்க வேண்டும் என்றுதான் வைத்தாரா, கையில் சாப்பாடு இருந்ததாலா, தெரியாது.

விஷயத்தைச் சொன்னார். அவள் உடனே சரி என்றாள். லீவு கேட்டுப் பார்க்கிறேன், புதன் ராத்திரி பஸ் இருக்கும் என்றாள். இந்த ஸ்டுடியோவுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று போன வருடம் சொன்னவள், எந்த நிபந்தனையும் போடவில்லை. எனக்குள் ஏதோ துள்ளியது. அதற்குள் அவள் கேட்டாள்.

"நான் சரியாப் பாடலையாண்ணா?"

"சேச்சே. இது டெக்னிக்கல் விஷயம்மா."

"நாப்பது தடவ பாடினேன். அதுல ஏழாவதுதான் சரியா வந்திருக்குன்னு நெனச்சு அனுப்பினேன். எனக்குக் காது போச்சு போல."

குறையாகச் சொல்லவில்லை. கண்ணாடி போட வேண்டும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னாள். மச்சான் ஏதோ சமாதானம் சொல்லி வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

அவள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது சரியாகத்தான் வந்திருந்தது. இரண்டாவது சரணத்தில் ஒரு இடத்தில் குரல் மேலே போகத் தயங்கி, பிறகு போகும். அதை வியாழக்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டு திரும்பப் பாட முடியாது. நன்றாகப் பாடிய ஒருத்தியை, பாடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏற வைத்து, என் முன்னால் நிறுத்தப் பார்த்தேன். அவள் வந்திருந்தாலும் அவளை நான் அழைத்து வந்ததாக ஆகியிருக்காது. ஏமாற்றி வரவழைத்ததாகத்தான் ஆகியிருக்கும்.

மண்டபத்தை அழித்தேன். அவளை மட்டும் ஒலிக்கவிடும் பொத்தானை அணைத்தேன். இனிமேல் எல்லா வாத்தியங்களும் ஓட ஓட மட்டும்தான் அவளைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

குரலுக்கு ஒரு சின்ன அறையின் ரிவெர்ப்பை எடுத்தேன். வால் ஒரு நொடியும் கொஞ்சமும். அடுத்த வரி தொடங்குவதற்குள் முந்தின வரியின் மிச்சம் அடங்கிவிட வேண்டும். குரல் கிளம்புவதற்கும் அறை பதில் சொல்வதற்கும் நடுவில் முப்பது மில்லி செகண்ட் இடைவெளி விட்டேன். அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வார்த்தையும் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாடுகிறவர் பின்சுவரோடு போய்விடுவார். அது இருந்தால் வார்த்தை முதலில் வரும், முகம் முன்னாலேயே நிற்கும், அவளுக்குப் பின்னால்தான் அறை திறக்கும். திரும்பி வரும் சத்தத்தில் அடித்தொண்டைக் கனத்தை வடிகட்டினேன், இல்லாவிட்டால் பாட்டு கலங்கும். உச்சியையும் மழித்தேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு ‘ஸ’வும் வாலில் சீறும்.

பிறகு மெதுவாக ஏற்றினேன். அறை கேட்கத் தொடங்கியது. அந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு படி இறக்கினேன். இப்போது அறை கேட்கவில்லை. சரியா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. பாட்டு ஓடும்போது ரிவெர்ப்பை மட்டும் அணைத்தேன். அவள் வாத்தியங்களை விட்டுப் பிய்த்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தாள். மறுபடி போட்டேன். கிடார்காரனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். யாரோடோ சேர்ந்து, ஒரு இடத்தில், நன்றாக இருந்தாள்.

எத்தனை முறை அணைத்து அணைத்துப் போட்டேன் என்று எண்ணவில்லை. வேலைக்குத் தேவையானதைவிட அதிகம்.

மச்சான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முழுதாக ஒரு முறை ஓட விட்டுவிட்டு, "காலையிலயே இதப் பண்ணியிருக்கலாம்ல" என்றார்.

பண்ணியிருக்கலாம் என்றேன். அவருடையது எல்லாம் புரிந்த முகமாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு டைரக்டர் வந்தார். பாட்டைக் கேட்டார். இரண்டாவது இடையிசையில் வயலின் சத்தம் ஜாஸ்தி என்றார். டிரம்ஸ் முடிகிற இடம் திடீரென்று இருக்கிறது என்றார். குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வியாழக்கிழமை என்று மச்சான் இழுத்தபோது, எந்த வியாழக்கிழமை என்று கேட்டார். பிறகு ஞாபகம் வந்து, அதெல்லாம் வேண்டாம், குரல்தான் உட்கார்ந்துவிட்டதே என்றார்.

அவர் போனதும் மச்சான் தங்கைக்கு ஃபோன் போட்டார். மறுபடியும் ஸ்பீக்கரில்தான். பாட்டு ஓகே ஆகிவிட்டது, நீ பாடினதில் ஒரு குறையும் இல்லை, இங்கே செய்த தப்பு, சரி செய்துவிட்டோம் என்றார். யார் செய்த தப்பு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் அவள் பக்கம் கேட்டது.

"அப்ப நான் வர வேணாமா?" என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இடம் இருந்தது. அவர் ஃபோனை என் பக்கம் லேசாக நகர்த்தவும் செய்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம்மா. லீவ வீணாக்காத" என்றார்.

"சரி" என்றாள்.

அந்தச் சரியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நிம்மதியா, வேறு ஏதாவதா. ஃபோன் குரலின் நடுப்பகுதியை மட்டும்தான் கொண்டுவரும். அடியும் உச்சியும் வழியிலேயே போய்விடும். அதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மச்சான் விளக்கைப் போட்டார். நான் வயலினை ஒரு படி குறைத்துவிட்டு, டிரம்ஸ் முடிகிற இடத்துக்குப் போனேன்.