எட்டு நீளம், எட்டு குட்டை

ஃபர்னிச்சர் கடையில் காட்சிக்கு வைக்கும் கட்டிலை மதிவதனி ஒற்றை ஆளாகப் பாகம் சேர்த்துப் பூட்டி முடித்தாள். ஃபிட்டர் புகழேந்தி முதலாளியிடம், "நான்தான் பூட்னேன், இது ஸ்க்ரூ எடுத்துக் குடுத்துச்சு" என்று கூசாமல் சொன்னான். ஃபிட்டர் வேலை கேட்டிருந்தவளுக்கு அன்றிலிருந்து அதே வேங்கிக்கால் கடையில் போன் எடுக்கிற வேலைதான். ஒரு வருஷமாக அந்தக் கோபத்தை அவள் அடைகாத்து வந்தாள்.

ஐப்பசியில் அதற்கு வேளை வந்தது. செங்கம் ரோட்டில் லாட்ஜ் நடத்தும் பாஞ்சாலை கடைக்குப் போன் பண்ணினார். "கண்ணாடி பீரோ பூட்ற பேப்பர்ல ஆறாம் பக்கத்தக் காணோமாம். பூட்ட வந்த புகழேந்தி இங்க யோசிச்சிக்கினு உக்காந்திருக்காரு. பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆள் வந்துடுவாங்கம்மா."

மதிவதனி உடனே பீரோ செய்த ஓசூர் கம்பெனிக்குப் போன் போட்டாள். கதவுக் கீலுக்குக் குட்டை ஸ்க்ரூ, மேல்பலகைச் சட்டத்துக்கு நீள ஸ்க்ரூ என்றார்கள். அதைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு லாட்ஜுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தாள். அதுவரை அவள் மனதில் கள்ளம் இல்லை.

லாட்ஜ் அறையில் பீரோக் கதவு, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்க, போர்வைமேல் கிடந்தது. பக்கத்தில் நீள ஸ்க்ரூ எட்டு, குட்டை ஸ்க்ரூ எட்டு. கீல்களில் எட்டு ஓட்டை, சட்டத்திலும் எட்டு. எண்ணிக்கையை வைத்து எது எதற்கு என்று சொல்ல முடியாது.

"கம்பெனில கேட்டேண்ணா..."

"எவனையும் கேக்க வேணாம். பதினஞ்சு வருஷ சர்வீஸ் எனக்கு. கண்ணாடி வெயிட்டு ஜாஸ்தி, கதவுக்கு நீளந்தான். நீ போய் போன் எடு, போ."

பாஞ்சாலை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் மதிவதனிக்குச் சுருக்கென்று தைத்தது. சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். கதவுப்பலகை விரல் கனம்கூட இல்லை, நீள ஸ்க்ரூ அதைத் தாண்டிக் கண்ணாடியைக் குத்தும். அளந்து பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவன் அளக்கவில்லை. முறுக்குடா, நல்லா முறுக்கு என்று அவள் உள்ளம் குதித்தது.

மூன்றாவது திருகில் 'படக்'கென்றது. கதவைத் திருப்பினால், கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல்.

மதிவதனி சீட்டை விரித்துப் பாஞ்சாலையிடம் நீட்டினாள். "கம்பெனில சொன்னது இதுதாங்க. அண்ணன் கேக்கல." வெல்லத்தை வாயில் போட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

பாஞ்சாலை படித்தார். "இத எப்ப எழுதினே?"

"கடையிலேயேங்க."

"அப்ப அவன் முறுக்கும்போது உன் கைலதான் இருந்துச்சு." சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அவன் தெரியாம ஒடச்சான். நீ தெரிஞ்சே ஒடச்ச. ரெண்டு பேரும் வெளிய போங்க. உங்க மொதலாளிய வரச்சொல்லு, நான் பேசிக்கிறேன்."

வாசலில் புகழேந்தி அவளைப் பார்க்காமலே கேட்டான். "சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீயும் அன்னிக்கு நெசத்தச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அப்படிச் சொன்னதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஆட்டோவில் ஏறியபோதும் அவளுக்குப் பிடிபடவில்லை.