ஓட்டத்துக்கு முன் அரைக் கோப்பைச் சோறு

சிவமலர் விழுந்ததைச் செல்வநாயகி ரீச்சர் நேரே பார்த்தாள். ஆயிரத்தைந்நூறு மீற்றர் பயிற்சி. முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று குடிவெறிகாரர்போலக் கோணலாகப் போய், கையைக்கூட ஊன்றாமல் முகம் குப்புறச் சாய்ந்தாள்.

ரீச்சர் ஓடிப்போய்ப் புரட்டியபோது நெற்றியில் மண்ணும் இரத்தமும். கண் திறந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வேம்பு நிழலுக்குத் தூக்கிப்போய்க் காலை உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். கை சில்லிட்டிருந்தது, ஆனால் வேர்வை ஊற்றியது.

"சிவமலர், கேக்குதோ? மத்தியானம் என்ன சாப்பிட்டனி?"

பிள்ளை மெல்ல, "ஒண்டும் சாப்பிடேல்லை ரீச்சர்" என்றாள்.

"ஏன் பிள்ளை? வீட்டிலை சமைக்கேல்லையோ?"

"அம்மா சமைச்சவ. நீங்கள்தானே பேப்பரிலை எழுதினனீங்கள், மூண்டு மணித்தியாலத்துக்குள்ளை வயிறு நிறையச் சாப்பிடப்பிடாது எண்டு. பள்ளிக்கூடம் விட்டு வீட்டை போகவே ரண்டரை ஆகும். பிறகு நாலு மணிக்கு ஓடவேணும்தானே."

பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "நானும் சாப்பிடுறேல்லை ரீச்சர்" என்றாள்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. பாடசாலைகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. வளரும் வயதில் ஓடுகிற பிள்ளைகள், வீட்டில் கிடைக்கிற சாப்பாட்டை வைத்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடலாம் என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்று அவளைக் கேட்டிருந்தது. உடற்பயிற்சி ஆசிரியையாக அவள் கவலைப்பட்ட விடயமே அதுதான். போர்க்காலத் தடையால் சாமான்கள் தட்டுப்பாடு, பால்மாவும் தகரப் பேணியில் வரும் சத்துணவும் கடையில் இல்லை. ஆனால் மருதனார்மடம் சந்தையில் வாழைப்பழம் இருந்தது, பயறு இருந்தது, வீட்டில் முருங்கை இருந்தது. பயிற்சிக் கல்லூரிக் குறிப்புகளை எடுத்து வைத்து, தெரிந்த தாதி ஒருவரிடமும் காட்டித் திருத்தி, ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பத்திரிகைத்தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த பேப்பரில், போன கிழமை அது அரைப் பக்கமாக வந்தது. குறுகியிருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியதுதான். தன் பெயரைக் கண்ட சந்தோசத்தில் பெரிதாக எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கத்து வீட்டுக்காரரிடம் பெற்றோல் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ஒஸ்ரின் கார் ஒன்று இருந்தது. அவர் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு வந்தார். மானிப்பாய் ஆஸ்பத்திரி போகும்வரை கார் இருமிக்கொண்டே போனது. சிவமலர் ரீச்சரின் மடியில் தலை வைத்திருந்தாள். அவள் கண்ணை மூடும்போதெல்லாம் செல்வநாயகி கன்னத்தைத் தட்டினாள்.

"நித்திரை கொள்ளாதை பிள்ளை. கதை. ஏதாவது கதை."

"பசிக்குது ரீச்சர்."

அந்த வார்த்தையைக் கேட்டதில் ஆறுதலும் வந்தது, வெட்கமும் வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா நாடி பார்த்தார், பிறசர் பார்த்தார், நெற்றிக்கு மூன்று தையல் போட்டார். கீழ்க்கண்ணிமையை இழுத்துப் பார்த்தபோது அவருடைய முகம் மாறியது.

"காலமை தொடக்கம் வெறுவயிறு, குடிச்ச தண்ணியும் காணாது, இந்த வெயில். விழாமல் என்ன செய்யும்? ஆனால் அது மட்டுமில்லை ரீச்சர். பிள்ளைக்கு இரத்தம் குறைவு. அது ஒரு கிழமையிலை வந்ததில்லை."

பனங்கட்டி கரைத்த நீரும் உப்புப் போட்ட கஞ்சியும் கொடுக்கச் சொன்னார். இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தாய் ஞானாம்பிகை சைக்கிளில் வந்து சேர்ந்தாள். தோட்டத்தில் நின்றபடியே வந்திருந்தாள். காலில் செம்மண் காயவில்லை. மகளின் தலைக்கட்டைப் பார்த்துவிட்டு அவள் அழவில்லை. ரீச்சர் பக்கம் திரும்பினாள்.

"நான் நாளும் மறிச்சனான் ரீச்சர். சோத்தைப் போட்டுக்கொண்டு பின்னாலை திரிஞ்சனான். ரீச்சர் எழுதியிருக்கிறா, உங்களுக்கென்ன தெரியும் எண்டு சொன்னவள். நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியும் எண்டு நானும் விட்டிட்டன்."

"நான் அப்பிடி எழுதேல்லை அக்கா. நேரம் காணாட்டில் கொஞ்சமாச் சாப்பிடவேணும் எண்டு எழுதினனான். அதைப் பேப்பரிலை காணேல்லை."

"எழுதினனீங்களோ இல்லையோ, என்ரை பிள்ளை வாசிச்சது இதைத்தானே?"

செல்வநாயகி கஞ்சிக் கோப்பையை எடுத்துச் சிவமலருக்கு ஊட்டத் தொடங்கினாள்.

"பின்னேரம் வந்து நல்லாச் சாப்பிடுவாள்" என்றாள் ஞானாம்பிகை, குரல் இறங்கி. "ஓடி முடிஞ்சு ஒரு மணித்தியாலத்துக்குள்ளை சோறும் மீனும் எண்டு எழுதியிருந்ததாம். அதை அச்சொட்டாச் செய்தவள். அதாலைதான் நான் பயப்படேல்லை."

அன்றிரவு செல்வநாயகிக்கு ஒரே ஒரு நினைவுதான். சிவமலர் என் கண்முன் விழுந்தாள், தூக்கினோம். மற்றப் பள்ளிக்கூடங்களில்? பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் அந்தப் பேப்பரை வாசித்த பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? கிணற்றுக்கட்டிலோ, ரோட்டிலோ, சைக்கிளிலோ ஒரு பிள்ளைக்குத் தலை சுற்றினால்?

விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள் மிதித்தாள். பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியர் அருளம்பலம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவளுடைய கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தார். நான்காம் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுபட்டிருந்தது. கோட்டின் கீழே கிடந்தது அவளுடைய பந்தி: இரண்டு மணித்தியாலம்தான் இருக்கிற பிள்ளைகள் என்ன செய்வது, விடியப் பயிற்சிக்குப் போகிறவர்கள் என்ன செய்வது.

"தாள் இல்லை ரீச்சர். மரண அறிவித்தல் கூடிப்போச்சு. முக்கியமானதை வைச்சுக்கொண்டு மிச்சத்தை வெட்டினன்."

"நீங்கள் வெட்டினதுதான் முக்கியமானது. எங்கடை பிள்ளை ஒண்டு நேற்று விழுந்திட்டுது."

அருளம்பலம் அந்தப் பந்தியை வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"ஆஸ்பத்திரியிலை கிடக்குது."

"வியாழக்கிழமை போடுறன்."

"போட்டி சனிக்கிழமை. இண்டைக்கே ஆரும் விழலாம் ஐயா. நாளைக்குப் போடுங்கோ."

அவர் அச்சுக்கூடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். முதற் பக்கத்தில் ஒரு மூலை, அதுவும் சின்ன எழுத்தில். அதற்குள் அடங்கவேண்டும். செல்வநாயகி அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதினாள். எழுதி, வெட்டி, திரும்ப எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு பிள்ளை எப்படிப் பிழையாக விளங்கிக்கொள்ளும் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. கடைசியில் இவ்வளவு தேறியது:

"விளையாட்டு மாணவருக்கும் பெற்றோருக்கும். சென்ற கிழமைக் கட்டுரையில் விடுபட்டது. பட்டினியோடு பயிற்சி செய்ய வேண்டாம். மூன்று மணித்தியாலம் இருந்தால் வழமையான சாப்பாடு சாப்பிடுங்கள். ஒன்றரை, இரண்டு மணித்தியாலமே இருந்தால் அரைவாசிச் சோறும் பருப்பும் போதும். பொரியலும் கூடிய உறைப்பும் வேண்டாம். விடியப் பயிற்சி என்றால் எழும்பியதும் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும். பயிற்சியின்போதும் இடையிடையே தண்ணீர் குடியுங்கள். முடிந்ததும் தண்ணீர், பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் சோறோ புட்டோ, அதனோடு பயறு, மீன், முட்டை, தயிர் இவற்றில் ஒன்று. தலை சுற்றினால் உடனே நில்லுங்கள்."

அருளம்பலம் ஒரு சொல்லும் வெட்டவில்லை.

பேப்பர் வரும்வரை அவளால் பொறுத்திருக்க முடியவில்லை. திரும்பும் வழியில் இருந்த பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றிலும் இறங்கினாள். பெடியன்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சிமியோன் மாஸ்ரர் நீண்டதூர ஓட்டக்காரரைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"உங்கடை கட்டுரையை மட்டையிலை ஒட்டி வைச்சிருக்கிறன் ரீச்சர்" என்றார் அவர் பெருமையாக. "பெடியள் இப்ப விடிய வெறுவயித்தோடைதான் வாறாங்கள். உடம்பு லேசா இருக்காம்."

"தண்ணி?"

"அதுவும் முடிஞ்ச பிறகுதான்."

"கூப்பிடுங்கோ மாஸ்ரர். தயவு செய்து கூப்பிடுங்கோ."

வந்து நின்றவர்களில் ஒரு நெடிய பெடியன், ஒரு கிழமையாகப் பின்னேரம் பின்னேரம் தலையிடி என்றான். முந்தநாள் கண் இருண்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். மாஸ்ரரிடம் சொன்னால் போட்டியில் விடமாட்டார் என்று பயந்து மறைத்துவிட்டானாம். சிமியோன் மாஸ்ரர் போய் மட்டையிலிருந்த கட்டுரையைக் கிழித்தார். செல்வநாயகி அதற்குப் பதிலாகக் கரும்பலகையில் தன் கையால் எழுதிவிட்டு வந்தாள்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் இரத்தச் சோதனை முடிவு வந்திருந்தது. டொக்டர் அம்மா நேராகச் சொன்னார்.

"சனிக்கிழமை ஓடக்கூடாது. இந்தப் பள்ளித் தவணை முழுக்கவும் வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசை தாறன், கையிருப்பிலை கொஞ்சம்தான் இருக்கு. சாப்பாட்டாலையும் ஏத்தவேணும். முருங்கையிலை, மீன், பயறு. அதோடை தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிடட்டும். சாப்பிட்ட கையோடை தேத்தண்ணி குடிக்கிறவளோ?"

"ஓம், சாப்பிட்ட உடனை ஒரு தேத்தண்ணி வேணும் அவளுக்கு" என்றாள் ஞானாம்பிகை.

"அதை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கோ. சாப்பாட்டிலை உள்ள இரும்பை அது உடம்பிலை சேர விடாது."

சிவமலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்று சுவரோடு பேசினாள். "ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் விடுவினம்."

"நான் சொல்லமாட்டன் பிள்ளை."

அதன் பிறகு அவள் ரீச்சரோடு கதைக்கவில்லை.

சனிக்கிழமை போட்டி நடந்தது. மைதானத்தில் வெயில் கொதித்தது. தூரத்தில் இராணுவ ஹெலிகொப்டர் ஒன்றின் சத்தம் கேட்டபோது எல்லாரும் மேலே பார்த்தார்கள். அது கடற்பக்கம் போய்விட்டது. செல்வநாயகி வானத்தைப் பார்க்கவில்லை. ஓடுகிற கால்களையும் உதடுகளின் நிறத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் ஓட்டத்தில் அந்த நெடிய பெடியன் நான்காவதாக வந்து, நேரே தண்ணீர் வாளிக்குப் போனான். பெண்கள் ஓட்டத்தில் செல்வநாயகியின் பள்ளிக்கூடத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஒருவரும் விழவில்லை. கடைசிப் பிள்ளையும் கோட்டைத் தாண்டியபிறகுதான், காலையிலிருந்து தானே எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அடுத்த தவணையில் ஒரு பின்னேரம் சிவமலர் மைதானத்துக்கு வந்தாள். நெற்றியில் தழும்பு. கூடவே ஞானாம்பிகையும் வந்தாள், மூடிய கோப்பை ஒன்றோடு.

"டொக்டர் மெதுவாத் தொடங்கலாமெண்டு சொல்லிப்போட்டா. இரத்தம் ஏறியிருக்காம்" என்றாள் தாய். "மத்தியானம் அரைக் கோப்பைச் சோறும் பருப்பும் சாப்பிட்டவள். நான் பக்கத்திலை இருந்து பாத்தனான். இவ்வளவு காணுமோ ரீச்சர்?"

"காணும் அக்கா."

"உறைப்புக் கொஞ்சம்தான் போட்டனான்."

"நல்லது."

"இது முடிஞ்ச பிறகுக்கு. புட்டும் பயறும்." ஞானாம்பிகை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் அமர்ந்தாள். அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள். மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

சிவமலர் ரீச்சரிடம் வந்தாள்.

"எத்தினை சுத்து ரீச்சர்?"

"ஒண்டு. அதுவும் மெதுவா. தலை சுத்தினால்..."

"உடனை நிப்பன்."

பிள்ளை ஓடத் தொடங்கினாள். செல்வநாயகி மைதானத்தின் உட்பக்கமாக, அவளுக்குச் சமமாக, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு விரைந்து நடந்தாள்.